டப்ளினில் தங்கிய லாபம்

அயர்லாந்தின் தலைநகர் டப்ளினில், லிஃபி ஆற்றின் வடகரையில் பழைய கப்பல் துறைமுகம் ஒன்று இருந்தது. சரக்குக் கப்பல்களின் வரத்துக் குறைந்து வெறிச்சோடிய அந்த இடத்தில், 1987-இல் அயர்லாந்து அரசு ஒரு சர்வதேச நிதிச் சேவை மையத்தைத் தொடங்கியது. அங்கே அலுவலகம் போட்டு, அனுமதிக்கப்பட்ட நிதித் தொழில் செய்யும் நிறுவனங்கள் லாபத்தில் 10 சதவீதம் வரி கட்டினால் போதும். 1996-இல் கடலுக்கு அந்தப் பக்கம் பிரிட்டனில் நிறுவன வரி 33 சதவீதம்.

டெய்ரி மில்க் சாக்லேட்டால் நாம் அறிந்த கேட்பரி, அப்போது கேட்பரி ஷ்வெப்ஸ் என்ற பெயரில் இயங்கிய பிரிட்டிஷ் நிறுவனம். அதற்கு டப்ளின் மையத்தில் இரண்டு துணை நிறுவனங்கள் இருந்தன. அவை சாக்லேட் செய்யவும் இல்லை, விற்கவும் இல்லை. பணம் திரட்டி, அதைக் கேட்பரி குழுமத்தின் மற்ற நிறுவனங்களுக்குக் கடன் கொடுப்பதுதான் அவற்றின் வேலை.

2000 ஆகஸ்டில் பிரிட்டிஷ் வரித்துறை ஒரு நோட்டீஸ் அனுப்பியது. டப்ளின் நிறுவனங்களில் ஒன்று 1996-ஆம் ஆண்டில் ஈட்டிய லாபத்துக்காக, பிரிட்டனில் உள்ள கேட்பரி நிறுவனம் 86,38,633 பவுண்டு 54 பென்ஸ் வரி கட்ட வேண்டும் என்றது அந்த நோட்டீஸ். லாபம் அயர்லாந்தில் பதிவான நிறுவனத்துடையது. அதில் ஒரு பவுண்டுகூட பிரிட்டனுக்கு டிவிடெண்டாக வந்து சேராவிட்டாலும் பில் பிரிட்டனில் உள்ள தாய் நிறுவனத்தின் பேரில்தான் வரும். இது எப்படி நியாயம் என்று கேட்பரி வழக்குத் தொடுத்தது. வெளிநாட்டுத் துணை நிறுவனங்களின் லாபத்துக்கு உள்நாட்டில் வரி போடலாமா, எந்த அளவுக்குப் போடலாம் என்பதைப் புரிந்துகொள்ள இந்த வழக்கைவிடத் தெளிவான வழி எனக்குத் தெரியவில்லை.

வட்டி போன வழி

முதலில், டப்ளினில் இப்படி ஒரு நிறுவனம் வைப்பதால் என்ன லாபம் என்று பார்ப்போம். புரிவதற்காக எளிய எண்களை நானே வைத்துக்கொள்கிறேன். இவை கேட்பரியின் கணக்கு அல்ல.

லண்டனில் ஒரு தாய் நிறுவனம். ஐரோப்பாவின் வேறொரு நாட்டில் அதற்கு ஓர் ஆலை. இரண்டு நாட்டிலும் வரி 33 சதவீதம். ஆலைக்கு 10 கோடி பவுண்டு தேவைப்படுகிறது. தாய் நிறுவனம் அதை நேரடியாக 8 சதவீத வட்டிக்குக் கடனாகக் கொடுத்தால், ஆலை ஆண்டுக்கு 80 லட்சம் பவுண்டு வட்டி கட்டும். கட்டிய வட்டி செலவுக் கணக்கில் போவதால், ஆலையின் வரி 26 லட்சத்து 40 ஆயிரம் குறையும். அதே 80 லட்சம் லண்டனில் வருமானமாக வந்து சேர்வதால், அங்கே வரி 26 லட்சத்து 40 ஆயிரம் கூடும். ஒரு பையில் மிச்சப்பட்டது இன்னொரு பையில் போய்விட்டது. குழுமத்துக்கு லாபமும் இல்லை, நட்டமும் இல்லை.

இப்போது நடுவில் டப்ளினைக் கொண்டுவருவோம். தாய் நிறுவனம் அந்த 10 கோடியைக் கடனாகக் கொடுக்காமல், டப்ளின் துணை நிறுவனத்தில் பங்கு மூலதனமாகப் போடுகிறது. டப்ளின் நிறுவனம் அதை எடுத்து ஆலைக்கு 8 சதவீத வட்டிக்குக் கொடுக்கிறது. ஆலையில் முன்பு போலவே 26 லட்சத்து 40 ஆயிரம் வரி மிச்சம். ஆனால் வட்டி வந்து விழுவது டப்ளினில். அங்கே 10 சதவீதம், அதாவது 8 லட்சம் கட்டினால் முடிந்தது. குழுமத்தின் கையில் ஆண்டுக்கு 18 லட்சத்து 40 ஆயிரம் பவுண்டு கூடுதலாக நிற்கிறது. பணம் அதே பணம், ஆலையும் அதே ஆலை. யாரும் புதிதாக எதையும் உற்பத்தி செய்யவில்லை. கணக்குப் புத்தகத்தில் ஒரு நிறுவனத்தின் பெயர் நடுவில் நுழைந்ததுதான் மாற்றம்.

லண்டனில் ஏன் வரி விழவில்லை? டப்ளின் நிறுவனம் சட்டத்தின் கண்ணில் தனி நபர். உரிமையாளர் வேறு, நிறுவனம் வேறு என்பதை பிரிட்டனின் பிரபுக்கள் சபை 1896-இல் சாலமன் வழக்கில் உறுதியாகச் சொல்லிவிட்டது. அதனால் துணை நிறுவனத்தின் லாபம் தாய் நிறுவனத்தின் லாபம் ஆகாது. அந்த லாபம் டிவிடெண்டாக வந்தால் அன்றைய சட்டப்படி லண்டனில் வரி உண்டு. ஆனால் டிவிடெண்ட் அறிவிப்பது யார்? துணை நிறுவனத்தின் இயக்குநர்கள். அவர்களை நியமிப்பது யார்? தாய் நிறுவனம். எப்போது வரி கட்டுவது என்பதைக் கட்ட வேண்டியவரே முடிவு செய்யும் நிலை இது. டிவிடெண்ட் அறிவிக்காத வரை லாபம் டப்ளினிலேயே தங்கும். அங்கே சேரும் பணம் மறுபடியும் கடனாகப் போய், மேலும் வட்டியைக் கொண்டுவரும்.

ஓட்டையை அடைத்தவர்கள்

இதை முதலில் பெரிய அளவில் கையில் எடுத்த நாடு அமெரிக்கா. வெளிநாட்டுத் துணை நிறுவனங்களின் லாபத்துக்கு வரியைத் தள்ளிப்போடும் வசதியையே வளர்ந்த நாடுகளில் நீக்கிவிட வேண்டும் என்று அதிபர் கென்னடி 1961-இல் நாடாளுமன்றத்திடம் கேட்டார். வெளிநாட்டில் உண்மையாகவே தொழிற்சாலை நடத்தும் நம் நிறுவனங்கள் உள்ளூர்ப் போட்டியாளரிடம் தோற்றுவிடும் என்று எதிர்ப்பு எழுந்தது. 1962-இல் வந்த சட்டம் இரண்டுக்கும் நடுவில் நின்றது. ஆலையில் பொருள் செய்து விற்று வரும் லாபத்தை அது பொதுவாகத் தொடவில்லை. வட்டி, டிவிடெண்ட், ராயல்டி போல எந்த நாட்டுக்கும் எளிதாக நகர்த்தக்கூடிய வருமானத்தையும், குழுமத்துக்குள் வாங்கி விற்றுக் காட்டும் சில வகை லாபத்தையும் மட்டும் பிடித்தது. அந்த வருமானம் கைக்கு வராவிட்டாலும், அந்த ஆண்டே அமெரிக்கப் பங்குதாரரின் வருமானமாகக் கருதப்படும்.

பிறகு ஜெர்மனி 1972-இலும், ஜப்பான் 1978-இலும், பிரிட்டன் 1984-இலும் தங்கள் வடிவத்தில் இதைக் கொண்டுவந்தன. 'கட்டுப்பாட்டிலுள்ள வெளிநாட்டு நிறுவன விதிகள்' என்பது பொதுப்பெயர். சி.எஃப்.சி. விதி என்று ஆடிட்டர்கள் சுருக்கமாகச் சொல்வார்கள்.

பிரிட்டனின் கணக்கு

பிரிட்டனின் பழைய விதி கேட்ட கேள்விகள் இரண்டு. வெளிநாட்டு நிறுவனம் பிரிட்டனில் உள்ளவர்களின் கட்டுப்பாட்டில், அதாவது பாதிக்கு மேல் அவர்கள் கையில் இருக்கிறதா? அது அங்கே கட்டிய வரி, அதே லாபத்துக்குப் பிரிட்டனில் கட்ட வேண்டியிருக்கும் வரியில் முக்கால் பங்குக்கும் குறைவா? இரண்டுக்கும் 'ஆமாம்' என்றால் விதிக்குள் வந்துவிடும்.

நம் எடுத்துக்காட்டில் டப்ளின் நிறுவனத்தின் எல்லாப் பங்கும் லண்டனிடம். அது கட்டிய வரி 8 லட்சம். பிரிட்டனில் கட்டியிருந்தால் 26 லட்சத்து 40 ஆயிரம். அதில் முக்கால் பங்கு 19 லட்சத்து 80 ஆயிரம். 8 லட்சம் அதற்கு வெகு கீழே.

அடுத்து, டப்ளின் லாபத்தைப் பிரிட்டிஷ் சட்டப்படி கணக்கிட்டு, தாய் நிறுவனத்தின் தலையில் 26 லட்சத்து 40 ஆயிரம் வரி போடுவார்கள். டப்ளினில் ஏற்கெனவே கட்டிய 8 லட்சத்தைக் கழித்துக்கொள்ளலாம். மீதி 18 லட்சத்து 40 ஆயிரத்தை லண்டனில் கட்ட வேண்டும். மேலே பார்த்த லாபத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். அதுவும் சரியாக 18 லட்சத்து 40 ஆயிரம்தான். டப்ளின் வழியாகச் சுற்றிவந்ததில் கிடைத்தது அப்படியே கரைந்துவிடுகிறது. ஒரே லாபத்துக்கு இரண்டு முறை வரி போடுவது இந்த விதியின் நோக்கம் இல்லை. குறைவாகக் கட்டியதற்கும் இங்கே கட்ட வேண்டியதற்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் அது வாங்குகிறது. பின்னாளில் அதே லாபம் டிவிடெண்டாக வந்தால், முன்பு கட்டிய இந்த வரிக்கும் கழிவு உண்டு.

தப்பிக்கச் சில வாசல்களும் இருந்தன. லாபத்தில் 90 சதவீதத்தைப் பதினெட்டு மாதத்துக்குள் டிவிடெண்டாகத் தாய் நிறுவனத்துக்கு அனுப்பிவிட்டால் இந்த விதி பொருந்தாது. அந்த டிவிடெண்டுக்கு எப்படியும் வரி உண்டல்லவா! ஆண்டு லாபம் 50,000 பவுண்டைத் தாண்டாத சிறு நிறுவனத்துக்கும் விலக்கு. கடைசி வாசல் நோக்கத்தைப் பற்றியது. பிரிட்டனின் வரியைக் குறைப்பதோ, லாபத்தைப் பிரிட்டனிலிருந்து திருப்பிவிடுவதோ முக்கிய நோக்கம் இல்லை என்று நிறுவனம் காட்ட வேண்டும்.

கேட்பரி சிக்கிக்கொண்டது இந்தக் கடைசி வாசலில். அந்த டப்ளின் ஏற்பாடு, ஜெர்சி தீவில் இருந்த ஒரு பழைய ஏற்பாட்டுக்கு மாற்றாக வந்தது. அதற்கு வேறு சில வணிகக் காரணங்களும் சொல்லப்பட்டன. ஆனால் அவற்றையெல்லாம் பிரிட்டனிலேயே ஒரு நிறுவனம் வைத்தும் நிறைவேற்றியிருக்கலாம். டப்ளினைத் தேர்ந்தெடுத்ததற்கு அந்த 10 சதவீத வரி மட்டுமே காரணம் என்பதில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

லக்சம்பர்க்கில் வந்த தீர்ப்பு

அப்படியானால் கேட்பரி எந்த முகத்தோடு வழக்காடியது? பிரிட்டன் அப்போது ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தது. ஒன்றியத்தின் எந்த நாட்டில் வேண்டுமானாலும் தொழில் நிறுவனம் அமைத்துக்கொள்ளும் சுதந்திரம் அதன் அடிப்படை ஒப்பந்தத்திலேயே உள்ளது. நான் பிரிட்டனுக்குள்ளேயே இன்னொரு துணை நிறுவனம் வைத்திருந்தால் அதன் லாபத்துக்காக என்னிடம் வரி கேட்கமாட்டீர்கள். அயர்லாந்தில் வைத்ததற்காகக் கேட்கிறீர்கள். இது அந்தச் சுதந்திரத்தில் கைவைப்பது என்றது கேட்பரி. வழக்கு லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றத்துக்குப் போனது. 2006 செப்டம்பர் 12 அன்று தீர்ப்பு வந்தது.

குறைந்த வரிக்காக ஒரு நாட்டைத் தேர்ந்தெடுப்பது மட்டும் முறைகேடு ஆகாது என்றது நீதிமன்றம். வரி வருவாய் குறைகிறது என்பதும் ஒரு நாடு இந்தச் சுதந்திரத்தைக் கட்டுப்படுத்தப் போதுமான காரணம் இல்லை. 'முழுக்க முழுக்கச் செயற்கையான ஏற்பாடு' என்றால் மட்டுமே இத்தகைய வரி செல்லும். துணை நிறுவனம் அந்த நாட்டில் உண்மையாக நிலைகொண்டு, உண்மையான பொருளாதார வேலை செய்கிறது என்றால், அது வரிக்காகவே அங்கே போயிருந்தாலும் தாய் நிறுவனத்தின் தலையில் வரி போடக்கூடாது.

உண்மையா, செயற்கையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வெளியாள் போய்ப் பார்த்து உறுதிசெய்யக்கூடிய அடையாளங்களைக் கொண்டு என்றது நீதிமன்றம். அலுவலக இடம் இருக்கிறதா, ஆட்கள் இருக்கிறார்களா, வேலைக்கு வேண்டிய கருவிகள் இருக்கின்றனவா? நம்மூரில் 'லெட்டர்பேட் கம்பெனி' என்று சொல்வோமே, அந்த மாதிரி வெறும் பெயர்ப்பலகை நிறுவனங்கள்தான் அடிபட வேண்டியவை. அதே சமயம், தன் நிறுவனம் உண்மையானதுதான் என்று ஆதாரம் காட்டத் தாய் நிறுவனத்துக்கு வாய்ப்புத் தர வேண்டும் என்றும் சொன்னது. கேட்பரியின் டப்ளின் அலுவலகம் இதில் எந்தப் பக்கம் என்று அது தானே முடிவு சொல்லவில்லை. அந்தச் சோதனையைப் பிரிட்டிஷ் அமைப்பிடமே திருப்பி விட்டது.

இந்தத் தீர்ப்பு பல வரித்துறைகளுக்குக் கசந்தது. ஆனாலும் அது கேட்கச் சொன்ன கேள்வி சரியான கேள்வி என்றே நான் நினைக்கிறேன். தாய் நிறுவனத்தின் மனத்தில் என்ன இருந்தது என்று தோண்டுவதைவிட, அந்த அறையில் யார் உட்கார்ந்து என்ன வேலை செய்தார் என்று பார்ப்பது நேர்மையான சோதனை.

கடன் கொடுக்கும் நிறுவனத்தில் அதைப் பார்ப்பது எப்படி? ஆண்டுக்கு 80 லட்சம் வட்டி ஈட்டும் நிறுவனத்தின் சம்பளப் பட்டியலில் பகுதி நேரமாக ஒரே ஒருவர் இருந்தால் அது முதல் அடையாளம். அடுத்தது நிர்வாகக் குழுவின் கூட்டக் குறிப்பேடு. கடன் ஒப்பந்தம் செவ்வாய்க்கிழமை லண்டனில் தட்டச்சாகி, புதன்கிழமை டப்ளினில் பத்து நிமிடக் கூட்டத்தில் கேள்வியின்றி நிறைவேறியிருந்தால், முடிவு எங்கே எடுக்கப்பட்டது என்று சொல்லத் தேவையில்லை. மாறாக, வட்டி விகிதத்தை எதிர்த்துக் கேட்டவர், நாணய மதிப்பு மாறினால் என்ன செய்வது என்று கணக்குப் போட்டவர், ஒரு கடனை வேண்டாம் என்று மறுத்தவர் என்று ஆட்கள் அங்கே இருந்தால், அது கதையே வேறு.

பிரிட்டன் பின்வாங்கிய இடம்

தீர்ப்புக்குப் பின் பிரிட்டன் விதியை மாற்ற வேண்டியதாயிற்று. 2009-இல் இன்னொரு பெரிய மாற்றம்: வெளிநாட்டுத் துணை நிறுவனங்களிடமிருந்து வரும் டிவிடெண்டில் பெரும்பகுதிக்குப் பிரிட்டன் வரிவிலக்கு அளித்தது. இதன் விளைவு ஆழமானது. முன்பு சி.எஃப்.சி. விதி இல்லாவிட்டாலும், லாபம் என்றாவது ஒருநாள் டிவிடெண்டாக வரும்போது வரி விழும். இப்போது வரும் வழியிலும் வரி இல்லை என்பதால், தப்பிய லாபம் தப்பியதுதான். காவலுக்கு மிஞ்சியது இந்த விதி மட்டுமே.

2013-இல் புது விதி நடைமுறைக்கு வந்தது. லாபத்தை ஈட்டித்தரும் முக்கியமான வேலையை எந்த நாட்டில் உள்ள ஆட்கள் செய்கிறார்கள் என்பது அதில் மையக் கேள்வி. பிரிட்டனிலிருந்து செயற்கையாகத் திருப்பிவிடப்பட்ட லாபத்துக்கு மட்டும் வரி. கூடவே ஒரு சலுகையும் வந்தது. குழுமத்தின் வெளிநாட்டு நிறுவனங்களுக்குக் கொடுத்த கடன் வட்டியில், தகுதியுள்ளவற்றுக்கு முக்கால் பங்கை விட்டுவிட்டு, கால் பங்குக்கு மட்டும் வரி போட்டால் போதும் என்றது. இது சில நிறுவனங்களுக்கு அரசு தரும் சட்டவிரோத உதவி, ஒரு பகுதியாவது திரும்ப வசூலிக்கப்பட வேண்டும் என்று ஐரோப்பிய ஆணையம் 2019-இல் முடிவெடுத்தது. 2024 செப்டம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் அந்த முடிவை ரத்து செய்தது. 1984-இல் எந்த மாதிரி வட்டியைப் பிடிக்க விதி வந்ததோ, அதே மாதிரி வட்டியில் முக்கால் பங்கை விட்டுக்கொடுக்கவும் ஓர் அரசு துணிகிறது. பெரிய குழுமங்கள் தலைமையகத்தையே வேறு நாட்டுக்கு மாற்றிவிடும் என்ற பயம் அதற்கு ஒரு காரணம். இந்த விதிகளின் எல்லை அங்கேதான் இருக்கிறது: தாய் நிறுவனம் உள்நாட்டில் இருக்கும் வரைதான் இவை பிடிக்கும்.

இந்தியாவில்

இந்தியாவில் சி.எஃப்.சி. விதி இல்லை. 2010-இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட நேரடி வரிகள் மசோதாவில் அது இருந்தது. மசோதா சட்டமாகவே இல்லை. அதற்குப் பதில், 'உண்மையான நிர்வாகம் நடக்கும் இடம்' என்ற விதி வந்தது. 2017-18 மதிப்பீட்டு ஆண்டு முதல் அது நடைமுறையில் உள்ளது. வெளிநாட்டில் பதிவான நிறுவனத்தின் முக்கிய முடிவுகள் உண்மையில் இந்தியாவில் எடுக்கப்பட்டால், அந்த நிறுவனமே இந்திய நிறுவனம் போலக் கருதப்பட்டு, அதன் உலக வருமானத்துக்கும் இங்கே வரி விழும். ஆண்டு வரவு 50 கோடி ரூபாயைத் தாண்டாத நிறுவனங்களுக்கு இந்த விதி பொருந்தாது.

இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும் பிடிக்கும் இடம் வேறு. கோவையில் பம்ப்செட் செய்யும் ஒரு நிறுவனம், குறைந்த வரியுள்ள நாட்டில் துணை நிறுவனம் வைத்து, நம் டப்ளின் கணக்கைப் போலவே குழுமத்துக்குள் கடன் கொடுத்து வட்டி ஈட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். வெளிநாட்டு நிறுவனத்தின் இயக்குநர்கள் கோவையிலிருந்து வரும் கட்டளைக்குக் கையெழுத்துப் போடுபவர்களாக இருந்தால், இன்றைய விதி அதை முழுசாகப் பிடிக்கும். ஆனால் முடிவுகளை உண்மையாகவே அங்கே எடுக்கும் இரண்டு பேரைச் சம்பளம் கொடுத்து வைத்துவிட்டால், விதி அதைத் தொடாது. வட்டி டிவிடெண்டாக வரும் வரை அங்கேயே தங்கலாம். சி.எஃப்.சி. விதி இருந்தால் நிறுவனத்தை வெளிநாட்டு நிறுவனமாகவே விட்டுவிட்டு, அந்த வட்டியை மட்டும் எடுத்துத் தாய் நிறுவனத்தின் கணக்கில் சேர்க்கலாம். முழுசாகப் பிடிப்பது அல்லது முழுசாக விடுவது என்ற இன்றைய நிலைக்கு நடுவில் ஒரு வழி கிடைக்கும்.

அப்படி ஒரு விதி இங்கே எழுதப்படும் நாளில், எழுதுபவர்கள் கேட்பரி தீர்ப்பை மேசையில் விரித்து வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் ஆசை. கோவை நிறுவனம் கென்யாவில் உண்மையாகவே கிடங்கு திறந்து, ஆள் வைத்து, பம்ப் விற்று லாபம் பார்த்தால், அது அந்த ஊரின் லாபம். அதைத் தொட வேண்டியதில்லை. பணம் மட்டும் பயணம் போய், வேலை முழுக்கக் கோவையிலேயே நடந்திருந்தால், அந்த லாபம் எந்த ஊர் வங்கியில் இருந்தாலும் கோவையின் லாபம்தான்.